ஓடு கரைந்தது, எடை கூடியது

60 கிராம் எடையுள்ள பச்சை முட்டை ஒன்றை வினிகரில் ஊறவைத்து, ஓடு முழுவதும் கரைந்தபின் மறுபடி தராசில் வையுங்கள். ஓட்டின் எடை ஏறக்குறைய 6 கிராம். அது போய்விட்டதால் 54 கிராம்தான் இருக்க வேண்டும். தராசோ பெரும்பாலும் 70 கிராமைத் தாண்டிக் காட்டும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் துள்ளும் 'ரப்பர் முட்டை'யாக வேடிக்கை காட்டப்படும் இந்தச் சோதனையில், உண்மையில் யோசிக்க வைப்பது இந்தக் கணக்குதான். போனதைவிட அதிகமாக உள்ளே வந்தது எது?

முதலில் ஓடு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லிலும் கிளிஞ்சலிலும் இருப்பது இதுவே. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் இதைத் தாக்கும்போது கால்சியம் அசெட்டேட் என்ற உப்பு உண்டாகி நீரில் கரைந்துவிடுகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. முட்டையை வினிகரில் போட்ட சில நொடிகளிலேயே ஓடு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஒரு பக்கம் குமிழிகள் அதிகம் சேர்ந்தால் முட்டை மெல்லப் புரண்டு படுக்கும். பழுப்பு நிற முட்டையாக இருந்தால், நிறம் ஓட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது என்பதால் அது உரிந்து நுரையோடு மிதக்கும்.

எவ்வளவு வினிகர் வேண்டும்? கடைகளில் விற்கும் வெள்ளை வினிகரில் அமிலம் பொதுவாக 4 சதவீத அளவில் இருக்கும். ஒரு முட்டையின் ஓட்டைக் கரைக்க ஏறக்குறைய 7 கிராம் அமிலம் செலவாகும். அதாவது குறைந்தது 170 மில்லி வினிகர். அமிலம் தீரத் தீர வேகமும் குறைந்துபோகும். அதனால் 200 மில்லியில் தொடங்கி, ஒரு நாள் கழித்து அதைக் கொட்டிவிட்டு அதே அளவு புதிதாக ஊற்றுவது நல்லது. இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். பாட்டில் மூடியை இறுக மூடக் கூடாது. வாயு வெளியேற வழி வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று கழிவறை கழுவும் ஆசிட்டை எடுக்கவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அந்த இடத்தில் வெள்ளைக்கரு கசிந்து அமிலம் பட்டு வெள்ளை நூலாகத் திரியும். அந்த முட்டையை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டியதுதான். விரலால் தடவும்போது மாவு போல நெருடினால் இன்னும் ஓடு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். தேய்த்து எடுக்காமல், புது வினிகரில் இன்னும் சில மணி நேரம் விட்டால் போதும்.

ஓடு போனபின் முட்டையைத் தாங்கி நிற்பது, அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருமே, அந்தச் சவ்வு. மெல்லிய புரத இழைகள் பின்னிப் பிணைந்த இரண்டு அடுக்குகள் அதில் உண்டு. இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையை வைத்தால், உள்ளே மஞ்சள்கரு நிழலாக அசைவது தெரியும்; மழுங்கிய முனையில், இரண்டு அடுக்குக்கும் நடுவே காற்றறையும் தென்படும். கையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும். ஒரு தட்டின் மேல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் துள்ளும். அதற்கு மேல் உயர்த்தினால் உடைந்துவிடும்.

அந்த விறைப்புக்குக் காரணம் தண்ணீர். எடையைக் கூட்டியதும் அதுதான். சவ்வின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் நீர் மூலக்கூறுகள் தாராளமாகப் போய்வரும் அளவு பெரியவை. முட்டையின் புரத மூலக்கூறுகள் வெளியேற முடியாத அளவு சிறியவை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஓயாமல் போய்வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் உள்ளே புரதமும் மற்றக் கரைபொருள்களும் நீரோடு கலந்து கிடப்பதால், வெளியேறும் நீரைவிட உள்ளே வரும் நீர் அதிகமாகிவிடுகிறது. இதைத்தான் பாடப்புத்தகம் சவ்வூடு பரவல் என்கிறது.

வினிகரிலும் அமிலம் கரைந்திருக்கிறதே, அது தண்ணீரை வெளியே இழுக்காதா என்று கேட்கலாம். அமில மூலக்கூறு மிகச் சிறியது. அது சவ்வைத் தாண்டி உள்ளேயும் பரவிவிடுவதால், தண்ணீரை வெளிப்பக்கம் பிடித்துவைக்கும் வலிமை அதற்கு இல்லை. சவ்வைக் கடக்க முடியாத, அல்லது மிக மெதுவாகக் கடக்கும் பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் தண்ணீர் சேரும்.

இது சரிதானா என்று சோதிக்கச் சர்க்கரை போதும். 100 மில்லி தண்ணீருக்கு 200 கிராம் சர்க்கரை என்ற கணக்கில், முட்டை மூழ்கும் அளவுக்குச் சூடாக்கிக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் முட்டை வெந்துவிடும். ஓடில்லாத முட்டையை எடைபோட்டு அதில் போட்டால் மிதக்கும், ஏனென்றால் பாகு முட்டையைவிட அடர்த்தியானது. சிறு கிண்ணம் ஒன்றால் லேசாக அழுத்திவைக்க வேண்டும். சற்று நேரம் வெளிச்சத்துக்கு எதிரே உற்றுப் பாருங்கள். முட்டையின் மேல்பரப்பிலிருந்து தெளிவான இழைகள் நெளிந்து மேலே ஏறும். முட்டைக்குள்ளிருந்து வெளியேறும் தண்ணீர், கெட்டியான பாகுக்குள் கலக்கும்போது தெரியும் நெளிவு அது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுகள் மறுநாள் நீர்விட்டுக் கிடப்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு நாள் கழித்து எடுத்தால் முட்டை தொளதொளவென்று பை போலத் தொங்கும். உள்ளே மஞ்சள்கரு புடைத்துத் தெரியும். தராசில் வைத்தால் முதல்நாள் எடையைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். அதே முட்டையைக் கழுவிச் சாதாரணத் தண்ணீரில் போட்டால், மறுபடி உப்பி எடை ஏறும். பாகில் குறைந்ததும் தண்ணீரில் ஏறியதும் அதே முட்டையில்தான் என்பதால், எடை மாற்றத்துக்குக் காரணம் முட்டை கெட்டுப்போனதோ ஓடு போனதோ அல்ல, வெளியே எந்தக் கரைசல் இருக்கிறது என்பதுதான் என்று உறுதியாகிறது. தண்ணீரில் நெடுநேரம் விட்டுவிட்டால் சவ்வு தாங்காமல் வெடித்துவிடும்.

பிரான்ஸைச் சேர்ந்த ஜான் அந்துவான் நொல்லே என்ற பாதிரியார் 1748-இல் கண்டதும் இத்தகைய புடைப்பைத்தான். ஒரு பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, பன்றியின் சிறுநீர்ப்பையை வாயில் இறுகக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீர் உள்ளே நுழைந்து, சவ்வு வெளியே புடைத்து நின்றது.

முட்டைச் சவ்வு குறையில்லாத சல்லடை அல்ல என்பதையும் பார்க்கலாம். உணவு நிறமி சில துளி கலந்த தண்ணீரில் ஒரு நாள் வைத்து, பிறகு தட்டில் குத்தி உடைத்தால், உள்ளேயிருக்கும் வெள்ளைக்கருவிலும் நிறம் ஏறியிருக்கும். நிறமி நுழைந்தது, புரதம் வெளியேறவில்லை. அந்த இடைவெளியின் அளவு இரண்டுக்கும் நடுவே என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். இந்த முட்டை பச்சையானது, சாப்பிட உகந்ததல்ல. தொட்ட கையையும் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.