உங்களுக்குத் தெரியுமா? சாப்பாடு ஆரஞ்சு, டிபன் பாக்ஸ் நீலம்!

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்தது. நிலைய வாசலில் பையை எக்ஸ்ரே ஸ்கேனரில் வைக்கிறோம். இத்தகைய ஸ்கேனர்களின் திரையில் சாப்பாடு ஆரஞ்சாகவும், எவர்சில்வர் டப்பா நீலமாகவும் தெரிவது ஏன்?

எக்ஸ்ரே ஃபோட்டானை அணு முழுசாக விழுங்கி ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளினால், அது ஒளிமின் விளைவு. எலெக்ட்ரானில் மோதி, கொஞ்சம் ஆற்றலை இழந்து திசைமாறினால், காம்ப்டன் சிதறல். சோறு, துணி போன்ற லேசான அணுக்களில் சுமார் 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினாலே சிதறலின் கை ஓங்கிவிடும். இரும்பில் 100-ஐத் தாண்டியும், ஈயத்தில் சுமார் 500 வரையும் விழுங்கலே அதிகம். ஆற்றல் கூடினால் விழுங்கல் வேகமாகக் குறையும்; அதனால் குறைந்த ஆற்றல், அதிக ஆற்றல் என இரண்டிலும் அளந்து, எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தே கருவி நிறம் தீட்டுகிறது. எவர்சில்வரில் உள்ள இரும்பில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது, அதனால் நீலம்; சோற்றில் சிறிது, அதனால் ஆரஞ்சு.

ஆனால் மெல்லிய தகடும் உணவும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் இரண்டும் கலந்து பச்சையாகத் தெரியலாம். பையைத் திருப்பி வைத்து மறுபடி அனுப்பச் சொல்வது அதனால்தான்.

ஃபோட்டான் மறைந்து எலெக்ட்ரானும் பாசிட்ரானும் பிறக்கும் இணை உருவாக்கம் இங்கே நடக்கவே நடக்காது. அதற்குக் குறைந்தது 1,022 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். பை ஸ்கேனர்கள் பெரும்பாலும் 200-ஐக்கூடத் தொடுவதில்லை.