மூன்று எழுத்துக்கு ஒரு கைத்தட்டு

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க ஆளுக்கொரு ஊரில் இருக்கிறவர்கள். முதல் அரைமணி நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுமாகப் போகும். அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடி ஒரு பாட்டுக் கட்டினோம். ஒரே நாளில் வந்த பாட்டு இல்லை. இரண்டு தீபாவளிக்குப் பாடிப் பார்த்து, தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, மூன்றாம் வருஷம்தான் ஒழுங்காக உட்கார்ந்தது. அதை இங்கே விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இதே முறையில் எந்த வீட்டுக்கும் ஒரு பாட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான்.

தாளத்துக்கு நாங்கள் வேறெங்கும் தேடிப் போகவில்லை. தென்மாவட்டங்களில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் வட்டமாகச் சுற்றி அடிக்கிற கும்மி கண்முன்னே இருந்தது. பாரதியார் பெண் விடுதலையைப் பாட எடுத்துக்கொண்டதும் கும்மியைத்தான். அதன் நடை 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகப் போகும். மூன்று அசைப்புக்கு ஒரு கைத்தட்டு. நாலு கைத்தட்டு சேர்ந்தால் ஒரு வரி. இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தையைச் சொல்லும்போது வாய் எத்தனை தடவை அசைகிறது என்று விரலில் எண்ணினால் போதும். 'வா-ச-லில்' என்றால் மூன்று. 'மா-மா' என்றால் இரண்டு. இரண்டாக இருந்தால் கடைசியைக் கொஞ்சம் நீட்டி மூன்றாக்கிக்கொள்ளலாம். நாலாக இருந்தால்தான் சங்கடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வருஷம் செய்த தப்பு, பாட்டு முழுவதையும் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்று நினைத்தது. எட்டு வரிச் சரணம் மூன்று எழுதி, தாளில் நகல் எடுத்துக் கையில் கொடுத்தோம். எழுத்துக் கூட்டத் தெரியாத குட்டிகள் தாளைக் கப்பல் செய்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களோ தாளையே பார்த்துக்கொண்டு நின்றதில் கைத்தட்டு நின்றுபோனது. பெரியவர்கள் மூன்று பேர் மட்டும் பாடி முடித்தோம்.

அடுத்த வருஷம் பாட்டை இரண்டாகப் பிரித்தோம். நீள வரியைப் பெரியவர் ஒருவர் கேள்வி மாதிரி எடுத்துக்கொடுப்பார். பதில் வரி பிள்ளைகளுடையது. பதில் எப்போதும் மூன்று கைத்தட்டோடு முடிந்துவிடும். நாலாவது தட்டு வெறும் தட்டு. அதில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முதல் சரணம் இது:

வாசலில் யாரது வண்டியில் யாரது?
மதுரை மாமா வந்தாச்சு!

வாசலில் யாரது வண்டியில் யாரது?
கோவை அத்தை வந்தாச்சு!

நம் வீடுகளில் உறவுக்காரர்களை ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தானே சொல்கிறோம். அதனால் இந்தச் சரணத்துக்கு வார்த்தை தேட வேண்டிய வேலையே இல்லை. யார் உள்ளே வருகிறார்களோ அவர்கள் பெயர் பதிலில் ஏறிவிடும். 'வந்தாச்சு' மட்டும் மாறாது. நாலு வயதுப் பிள்ளை ஊர்ப் பெயரை விட்டுவிட்டாலும் 'வந்தாச்சு'வில் வந்து சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பதிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வார்த்தையில் போய் முடிவதால்தான் குட்டிகள் இந்தப் பாட்டுக்குள் வர முடிந்தது.

இங்கேதான் அந்த நாலு அசைப்புச் சங்கடம் வந்தது. தூத்துக்குடிப் பெரியப்பா வந்து இறங்கினார். 'தூத்-துக்-கு-டி' நாலு, 'பெ-ரி-யப்-பா' நாலு. பிள்ளைகள் அவசர அவசரமாக விழுங்கிப் பார்த்தார்கள். தாளம் தடுக்கிவிட்டது. ஆச்சிதான் வழி சொன்னாள். "நாம என்னைக்குடி தூத்துக்குடின்னு முழுசாச் சொன்னோம்? தூத்துடிப் பெரிப்பான்னு பாடச் சொல்லு." தூத்-து-டி, பெ-ரிப்-பா. மூன்றும் மூன்றும். பேச்சில் நாக்கு எப்போதோ சுருக்கிவைத்ததைத் தாளம் அப்படியே எடுத்துக்கொண்டது. இந்த மாதிரிப் பாட்டை எழுத்துத்தமிழில் கட்டினால் ஏன் நொண்டுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த சரணங்கள் மறுநாள் விடியற்காலையில் நடக்கப்போவதை அதே வரிசையில் சொல்லும். வரிசையை மாற்றக் கூடாது. எண்ணெய்க்குப் பிறகு புதுத்துணி, துணிக்குப் பிறகு மருந்து என்று நாள் நகர்கிறபடியே பாட்டும் நகர்ந்தால் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்கிற வேலை இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் அடுத்து என்ன பாட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆச்சிகை பட்டதும் உச்சியில் சொட்டுது?
எண்ணெய் எண்ணெய் நல்லெண்ணெய்!

ஓரத்தில் மஞ்சளை வைச்சதும் மின்னுது?
சட்டை பாவாடை புத்தாடை!

நாக்கில வைச்சதும் கண்ணுல தண்ணிதான்?
சுக்கு மிளகு லேகியம்!

மூன்று சடங்குகளுக்கு மேல் வைக்கவில்லை. வெந்நீர்ப் பானைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது, மனை போட்டுக் கிழக்கே பார்த்து உட்காருவது, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று விசாரிப்பது எல்லாவற்றையும் முதலில் சேர்த்துத்தான் பார்த்தோம். பாட்டு நீண்டுபோய்ப் பிள்ளைகள் நடுவிலேயே கலைந்துவிட்டார்கள். பிள்ளையின் உடம்பில் படுகிறதை மட்டும் வைத்துக்கொண்டோம். தலையில் சொட்டுகிற எண்ணெய், மேலே உரசுகிற புதுத்துணி, நாக்கில் உறைக்கிற மருந்து. 'எண்ணெய்' என்று பாடும்போது உச்சந்தலையைத் தொடுவதும் 'லேகியம்' என்றதும் முகத்தைச் சுளிப்பதும் நாங்கள் சொல்லிக்கொடுத்தவை அல்ல, பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்டவை.

பலகாரச் சரணத்தில்தான் அதிக நேரம் செலவழித்தோம். ஆசைக்கு எல்லாப் பெயரையும் அடுக்கிப் பார்த்தோம். தேன்குழல், மனோகரம், ரவா லாடு, சுசியம் என்று வெறும் பெயர்ப் பட்டியலாக நின்றதே தவிர பாட்டாகவில்லை. அன்றைக்கு அடுப்பில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பாடுவோம் என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டில் அது அதிரசம்.

தண்ணியில் விட்டபின் கையில சேருது?
பாகு பதமா ஆயாச்சு!

பாகில மாவிட்டுத் தட்டினா பெரிம்மா?
ஒண்ணு ரெண்டு அதிரசம்!

முதல் வரியில் இருப்பது அதிரசத்தின் உயிர்நிலை. ஊறவைத்து, துணியில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துச் சலித்த பச்சரிசி மாவு ஒரு பக்கம் இருக்கும். வெல்லப்பாகு அடுப்பில் கொதிக்கும். அதில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் திரண்டு மெத்தென்று உருள வேண்டும். கரைந்தால் பாகு இளசு, அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். உருட்டியது கல்லாக நின்றால் பாகு முற்றிவிட்டது, அதிரசமும் கடிக்க முடியாதபடி ஆகிவிடும். அந்தப் பதத்தில் இறக்கி மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டு நாளாவது மூடி வைத்துவிட்டுத்தான் தட்டுவோம். பாட்டு வந்த பிறகு, பாகு காய்ச்சுகிற அன்றைக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அடுப்படியில் நிற்கிறது. "கையில சேருதா?" என்று கேட்கிறது. பெரியம்மா விரலைக் காட்டிய பிறகுதான் 'ஆயாச்சு' என்று கத்துகிறது.

இரண்டாவது வரியில் 'அ-தி-ர-சம்' மறுபடியும் நாலு. இதைச் சுருக்கவும் முடியாது. ஆனால் பதில் வரியின் கடைசித் தட்டு வெறுமனே கிடக்கிறதல்லவா? 'அதிர' மூன்றாம் தட்டில் போக, 'சம்' அந்த வெறும் தட்டில் வந்து விழுந்தது. கைகள் சேர்கிற சத்தமும் 'சம்'மும் ஒன்றாக விழும்போது முற்றமே அதிரும். பாட்டிலேயே பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் அதுதான். முந்திரிக்கொத்து செய்கிற வருஷம் 'முந்-தி-ரி' மூன்றாம் தட்டிலும் 'கொத்து' நாலாவதிலும் உட்கார்ந்துகொள்ளும்.

மெட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டாம் வருஷம் எங்களைக் கவிழ்த்தது அதுதான். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அத்தை, தன் குரலுக்கு வழக்கமான ஐந்து கட்டையில் ஸ்ருதி வைத்தார். பெண்களுக்கு அது சௌகரியம். பிள்ளைகளுக்கோ கீழ் ஸட்ஜம் எட்டவில்லை. பாதிப் பேர் முனகினார்கள். மீதிப் பேர் மேல் ஸ்தாயிக்குத் தாவிக் கத்தினார்கள். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாம் வருஷம் ஸ்ருதியை இரண்டு கட்டையில் வைத்தோம். பிள்ளைகளும் பெண்களும் ஒரே ஸ்தாயியில் பாட, மாமாக்களும் சித்தப்பாக்களும் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொண்டார்கள். மெட்டும் ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றி வரும்படி மாற்றிவிட்டோம். பிள்ளைகளின் குரல் தானாக எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் பாட்டின் ஸ்ருதி. முதலில் அவர்களைப் பேசவிட்டு, சத்தமாகக் கூப்பிடவிட்டுக் கேட்டால் அந்த இடம் தெரியும்.

சொல்லிக்கொடுக்கிற வரிசையும் அனுபவத்தில் வந்தது. முதலில் பாட்டே கிடையாது, வட்டமாக நின்று கைத்தட்டு மட்டும். அது சீரான பிறகு 'வந்தாச்சு' ஒன்று. அப்புறம் பதில் வரி முழுதும். கேள்வி வரியைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. நாலைந்து முறை கேட்டதும் பெரிய பிள்ளைகளில் யாராவது ஒருத்தி "நான் கேக்கட்டா?" என்று முன்னால் வருவாள். தாளம் வேகமெடுத்து ஓடத் தொடங்கும், பிள்ளைகள் கூடினால் அது நிச்சயம். அப்போது வாயால் அதட்டிப் பயனில்லை. பெரியவர் ஒருவர் வட்டத்துக்குள் போய்க் காலால் தட்டி நடந்தால் தானாக அடங்கும்.

போன தீபாவளி எங்கள் வீட்டில் தலைதீபாவளி. சித்தி மகளுக்குக் கும்பகோணத்தில் மாப்பிள்ளை. ரயில் தாமதம், அவர்கள் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. பாட்டு முடிந்து பிள்ளைகள் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஆட்டோ நின்றதும் ஆறு வயதுக்காரி எழுந்து ஓடினாள். கைத்தட்ட முடியாததால் காலால் தட்டிக்கொண்டே "கும்-ப-கோ-ணம்" என்று முணுமுணுத்தாள். நாலு. நின்றாள். சமையல்கட்டிலிருந்து பெரியப்பா "கும்மோணத்துக்காரங்க வந்துட்டாங்களா?" என்று சத்தம் கொடுத்தார். அவள் முகம் மலர்ந்தது. திரும்பி எங்களைப் பார்த்து, "அக்கா, கேளுங்க" என்றாள்.

வாசலில் யாரது வண்டியில் யாரது?
கும்மோணம் மாப்பிள்ளை வந்தாச்சு!