இரும்புக்கடை பில்லில் ‘அளவு’ என்பது எது?

பல ஊர்களில் இரும்புக்கடை பில் இன்னும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கடையின் பெயரும் கட்டங்களும் தலைப்புகளும் அச்சகத்தில் முன்கூட்டியே தமிழில் அடித்து வைத்தவை. அந்தத் தாளை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் செருகுவார்கள். பெட்டிகளுக்குள் 1, 2, 3 என்று எண்கள் மட்டும் விழும். கடைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் அந்த பில் தெளிவாகப் புரியும். சிக்கல் வருவது அதை வாங்கிய கட்டட ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில். பில்லைப் படமெடுத்து மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய புலத்தில் போட்டாக வேண்டும்.

புலம் என்றால் கணினிக் கணக்கில் ஒரு விவரத்துக்கென்று ஒதுக்கிய இடம். எந்தப் புலத்துக்கு என்ன பெயர் என்பதில் இந்தியாவில் குழப்பமில்லை. மின் பில்லுக்காக ஜி.எஸ்.டி. நிர்வாகம் INV-01 என்ற படிவத்தை வெளியிட்டிருக்கிறது. பில் எண்ணுக்கு `No`, தேதிக்கு `Dt`, சரக்கின் அளவுக்கு `Qty`, அலகு விலைக்கு `UnitPrice`, பில்லின் இறுதித் தொகைக்கு `TotInvVal` என்று அதில் பெயர்கள் முடிவாகி விட்டன. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது மின் பில் போடுவது கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர்களின் பில் காகிதமாகவே வருகிறது. வாங்கியவர் அதே பெயர்களில் அதைக் கணக்கில் ஏற்றிக்கொள்வது வசதி.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் எழுதிக்கொண்டவை. அமைப்பு எந்த இரும்புக்கடையிலும் பார்க்கக் கூடியதுதான். தலைப்புகள் இடமிருந்து வலமாக: வ.எண், விவரம், அளவு, எண், எடை, விலை, தொகை. முதல் வரியில் முறுக்குக் கம்பி, 12, 40, 426.500, 62.00, 26,443.00. இரண்டாவது வரியில் முறுக்குக் கம்பி, 8, 50, 237.000, 63.00, 14,931.00. மூன்றாவது வரியில் கட்டுக்கம்பி; அதில் அளவும் எண்ணும் காலி, எடை 10.000, விலை 85.00, தொகை 850.00.

மளிகைக்கடை பில்லில் ‘அளவு’ என்றால் எத்தனை கிலோ என்று பொருள். அகராதியை வைத்துக்கொண்டு தலைப்புகளை மாற்றும் எந்த மென்பொருளும் ‘அளவு’ என்பதை `Qty` என்று எடுத்துக்கொள்ளும். இரும்புக்கடையிலோ அது கம்பியின் விட்டம், 12 எம்.எம். அடுத்த பெட்டியில் உள்ள ‘எண்’ பில் எண்ணும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. எத்தனை கம்பி என்ற கணக்கு. விற்பனை நடப்பது எடையில். ஆகவே `Qty` என்ற புலத்துக்குப் போக வேண்டியது 426.500, அதன் `Unit` ஆக ஜி.எஸ்.டி. பட்டியலில் உள்ள `KGS`.

இதைக் கடைக்குப் போய்க் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? பெருக்கிப் பார்த்தால் போதும். 12-ஐ 62 ஆல் பெருக்கினால் 744. 40-ஐப் பெருக்கினால் 2,480. 426.5-ஐப் பெருக்கினால் 26,443. அதுதான் கடைசிப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த இரண்டு வரிகளிலும் எடையை விலையால் பெருக்கினால்தான் தொகை வருகிறது. மூன்று வரிகளும் ஒன்றையே சொன்னால் தலைப்பு என்ன சொன்னாலும் கவலையில்லை. என்னைக் கேட்டால், அச்சடித்த பில்லைப் படிக்கும்போது முதலில் எண்களைத்தான் நம்ப வேண்டும்; தலைப்பு வெறும் துப்பு.

பெருக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. எடையையும் விலையையும் இடம் மாற்றிப் போட்டாலும் பெருக்குத்தொகை மாறாது. அங்கே கம்பியே உதவிக்கு வரும். விட்டத்தை எம்.எம். கணக்கில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்.எம். கம்பிக்கு அது ஏறக்குறைய 0.889. ஒரு கம்பி 12 மீட்டர் நீளம். 40 கம்பிக்கு 427 கிலோவை ஒட்டி வரும். பில்லில் 426.5 இருப்பது சரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 62 கிலோ என்று யாராவது பதிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

எழுத்தைப் படிப்பதில் வரும் தொல்லை வேறு வகை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசரக்ட் போன்ற மென்பொருளுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் `-l tam+eng` என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் ‘தொகை’ என்ற சொல் இரண்டு விதமாக வரலாம். அதிலுள்ள கொம்பும் காலும் சேர்ந்த ‘ொ’ கணினிக்குள் ஒரே குறியாக இருக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் பட்டியலில் ‘தொகை’யைத் தேடும் நிரல் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது பைத்தானில் ஒரு வரி வேலை:

```
unicodedata.normalize("NFC", heading.strip())
```

கடைக்காரர் பில்லை வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக அனுப்பினால் இன்னொரு கூத்து நடக்கும். பாமினி எழுத்துருவில் தயாரித்த பில்லில் திரையில் ‘தொகை’ என்று அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து ஒட்டினால் `njhif` என்று வரும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால் வரும் வினை இது. பாமினி மாற்றியில் போட்டு எடுக்கலாம், அல்லது பி.டி.எஃப்.-ஐப் படமாக்கி, காகிதத்தைப் படிப்பது போலவே படிக்க வைக்கலாம். பல எழுத்துருக்கள் கலந்து வரும் அலுவலகத்தில் இரண்டாவது வழிதான் தலைவலி குறைந்தது.

பழைய பில் புத்தகங்களில் தொகைப் பெட்டி ‘ரூ.’ என்றும் ‘பை.’ என்றும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரிந்திருக்கும். அந்தக் கோட்டை மென்பொருள் 1 என்று படித்தால் 850 ரூபாய் 00 பைசா 850100 ஆகும். கோட்டை விட்டுவிட்டால் 85000. இரண்டையும் பெருக்கல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

இனி பில்லின் அடிப்பகுதி. மூன்று வரிகளின் கூட்டு 42,224.00. அதற்குக் கீழே ஏற்றுகூலி 300.00. பிறகு மைய வரி 9 சதவீதம் 3,827.16, மாநில வரி 9 சதவீதம் 3,827.16. அதன் பிறகு சில்லறை சரிக்கட்டல் 0.32 கழிவு, மொத்தம் 50,178.00. அதோடு நிற்காமல் பழைய பாக்கி 6,500.00, ஆக மொத்தம் 56,678.00.

வரியிலிருந்து பின்னோக்கிப் போவோம். 3,827.16 என்பது 42,524-இல் 9 சதவீதம். ஆக, கடைக்காரர் ஏற்றுகூலியையும் சேர்த்துத்தான் வரி போட்டிருக்கிறார். அதுதான் சட்டப்படியும் சரி. சரக்கை ஒப்படைக்கும் வரை விற்பவர் வசூலிக்கும் இத்தகைய செலவும் சரக்கின் மதிப்பில் சேரும். எனவே வரிக்குரிய மதிப்பான `AssVal`, 42,524. கூலி என்றதும் அதை `OthChrg` என்ற புலத்தில் போடத் தோன்றும். அந்தப் புலம் வரிக்குப் பிறகு கூட்டப்படுவது. அதில் போட்டால் இறுதித் தொகை ஒத்துப்போகும், ஆனால் வரிக்குரிய மதிப்பு 300 ரூபாய் குறைந்து நிற்கும். கூலியைத் தனி வரியாகப் பதிவதே நல்லது. இன்னொன்று, `GstRt` என்ற புலத்தில் 9 போடக் கூடாது. மையமும் மாநிலமும் சேர்ந்த 18 தான் அங்கே போக வேண்டும்.

‘மொத்தம்’, ‘ஆக மொத்தம்’ இரண்டில் எது `TotInvVal`? பெரும்பாலான மென்பொருள் தாளின் கடைசியில் உள்ள பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இங்கே அது 56,678. அதை 18 சதவீத வரி உட்பட என்று எண்ணிப் பிரித்தால் வரி 8,645.80 என்று வரும். உண்மையில் கட்டியது 7,654.32. பழைய பாக்கிக்கு வரி அந்தப் பழைய பில்லிலேயே கட்டியாகிவிட்டது. ஆகவே சுமார் 991 ரூபாயை மறுபடி வரவாகக் கேட்டதாகிவிடும். மதிப்பு, வரி, சரிக்கட்டல் மூன்றும் கூடி எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே பில்லின் தொகை. பாக்கிக்கு INV-01-இன் இந்தப் பகுதியில் இடமில்லை.

பில்லின் முதல் சரக்கு வரியையும் கூட்டுத் தொகைகளையும் எடுத்து எழுதினால் இப்படி நிற்கும்:

```
"No": "K/0118/25-26",  "Dt": "03/04/2025"
"HsnCd": "7214", "Qty": 426.5, "Unit": "KGS"
"UnitPrice": 62, "TotAmt": 26443, "GstRt": 18
"AssVal": 42524, "CgstVal": 3827.16, "SgstVal": 3827.16
"RndOffAmt": -0.32, "TotInvVal": 50178
```

தேதியைக் கவனியுங்கள். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3. மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க வழக்கத்தில் பழகிய நிரல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டால் பில் முந்தைய நிதியாண்டுக்கே போய்விடும். நல்லவேளையாக பில் எண்ணிலேயே 25-26 என்று இருக்கிறது. மார்ச் 4 அந்த ஆண்டில் வராது.

கூட்டல் பெருக்கலால் காப்பாற்ற முடியாதவை இரண்டு: விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணும் பில் எண்ணும். ஜி.எஸ்.டி. எண் 15 இடம் கொண்டது. முதல் இரண்டும் மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, பான் எண். பானில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. ஆகவே எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் 0 வந்தால் அது O, எண் நிற்க வேண்டிய இடத்தில் S வந்தால் அது 5 என்று திருத்திவிடலாம். பதினைந்தாவது இடம் மற்ற பதினான்கிலிருந்து கணக்கிட்டு வருவது. தப்பாகப் படித்த எண் பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பில் எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 16 எழுத்துக்குள், எழுத்தும் எண்ணும் `-`, `/` குறிகளும் எப்படி வேண்டுமானாலும் கலந்து வரலாம். K/0118 என்பதை K10118 என்று படித்தாலும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அது தவறு என்று தெரிவது ஜி.எஸ்.டி. தளத்தில் மாதந்தோறும் வரும் 2பி அறிக்கையோடு ஒப்பிடும்போதுதான். 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் பதிந்து அந்த அறிக்கையில் வந்த பில்லுக்கே வரி வரவு உண்டு. ஆகவே மற்றப் புலங்களை மென்பொருளிடம் விட்டாலும் பில் எண்ணை மட்டும் ஒரு ஆள் தாளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பில் தாள் அச்சடிக்கக் கொடுக்கும்போது, ‘அளவு’ என்ற இடத்தில் ‘விட்டம் (எம்.எம்.)’ என்றும், ‘எண்’ என்ற இடத்தில் ‘கம்பி எண்ணிக்கை’ என்றும் போடச் சொல்லுங்கள். பழைய பாக்கியைக் கட்டத்துக்கு வெளியே, தாளின் அடியில் தனியாக வையுங்கள். அச்சுக்கூலி கூடாது, உங்களிடம் வாங்குகிறவரின் கணக்கர் உங்களுக்கு போன் போட்டுக் கேட்பது நின்றுவிடும்.