பாப்பா வருமுன் ஒரு படக்கதை

தம்பி தங்கை வரப்போவதைச் சொல்லும் படக்கதைகள் சில, 'விளையாடத் துணை வருகிறது' என்று முடிகின்றன. பிறந்த குழந்தையோ அழும், பால் குடிக்கும், தூங்கும். நான்கு வயதுப் பிள்ளை ஏமாந்துபோகும்.

ஆகவே நாம் பரிந்துரைப்பது, எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1967இல் எழுதி வரைந்த 'பீட்டர்ஸ் சேர்'. படத்தைக் காட்டித் தமிழிலேயே சொல்லலாம். பீட்டரின் தொட்டிலுக்குத் தங்கைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் பூசுகிறார்கள். கோபித்த அவன், வண்ணம் பூசாத தன் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். உட்கார்ந்து பார்த்தால் இடம் போதவில்லை, வளர்ந்துவிட்டான்! பிறகு தந்தையோடு சேர்ந்து அவனே அதற்கு வண்ணம் பூசுகிறான்.

வீட்டில் பழைய தொட்டிலை இறக்குமுன் இதைப் படித்துக் காட்டுங்கள். 'பீட்டருக்கு ஏன் கோபம்?' என்று கேளுங்கள். பிள்ளை தன் மனத்திலுள்ளதைப் பீட்டர் பேரில் சொல்லிவிடும், குறுக்கிடாமல் கேளுங்கள். பின்னர், சேராமற்போன சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாப்பாவுக்கு எதைக் கொடுப்பதென்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.