லாரி ஏறும்போது வருவதுதான் பில்

ஈரோட்டில் சிறிய பட்டறை நடத்தும் ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது லேத் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பகுதிப் பணம் வங்கிக் கடன். மெஷின் வந்து ஓடத் தொடங்குவதற்குள் அவர் கைக்கு மூன்று தாள்கள் வந்து சேரும். மூன்றிலும் அதே கம்பெனி, அதே மெஷின், ஏறக்குறைய அதே தொகை. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்துக்கு அவற்றில் ஒன்றுதான் பில்.

முதலில் வருவது கொட்டேஷன். லேத் 5 லட்சம் ரூபாய், ஜிஎஸ்டி தனி, வண்டி வாடகை தனி, இந்த விலை 30 நாள் வரைதான் என்று அதில் இருக்கும். வாங்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் வாங்கி ஒப்பிடலாம், பேரம் பேசலாம். ஒப்பிடும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது. ஒருவர் வரியையும் வாடகையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். இரும்பு விலை ஏறும் காலத்தில், கெடு முடிந்த கொட்டேஷனைக் காட்டி பழைய விலைக்குக் கேட்கவும் முடியாது.

பேரம் 4,80,000 ரூபாயில் படிந்தது. இனி வங்கி பணத்தை விடுவிக்க வேண்டும். எவ்வளவு, யார் கணக்குக்கு என்று அதற்கு எழுத்தில் தெரிய வேண்டும். அப்போது விற்பவர் தருவதுதான் புரொஃபார்மா இன்வாய்ஸ். மெஷின் விலை, மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் 43,200, மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் 43,200, ஆக மொத்தம் 5,66,400 ரூபாய். கீழே விற்பவரின் வங்கிக் கணக்கு எண். பார்ப்பதற்கு அச்சு அசல் பில் மாதிரியே இருக்கும். குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் நேராக பில்லையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். விற்பவருக்கு அது ஆபத்து. டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிட்டால், அந்த மாதக் கணக்கில் விற்பனை நடந்ததாகக் காட்டி வரி கட்ட வேண்டும். கடன் கிடைக்காமல் ஆர்டர் ரத்தானால், கிரெடிட் நோட் போட்டு அதைத் திருத்த வேண்டும். புரொஃபார்மாவில் அந்தத் தொல்லை இல்லை. அது கணக்குப் புத்தகத்தில் விற்பனையாக ஏறாது, அதன் பேரில் வரியும் விழாது. அதை வைத்து முன்பணம் வந்தால், விற்பவர் அதற்குத் தனியாக ரசீது தர வேண்டும். பொருள் விற்பனையில் பொதுவாக அந்த முன்பணத்துக்கு அப்போதே ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை. சேவை என்றால் முன்பணம் வாங்கும்போதே வரி உண்டு.

மூன்றாவது தாளான டாக்ஸ் இன்வாய்ஸ், லேத் லாரியில் ஏறிக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ போடப்பட வேண்டும். சேவைக்கு, வேலை முடிந்து 30 நாளுக்குள் போட்டால் போதும். அதில் தொடர் வரிசை எண், தேதி, விற்பவர் வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண், பொருளின் எச்எஸ்என் குறியீடு, வரி விகிதம், வரித்தொகை எல்லாம் இருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனி, பதிவு பெற்ற இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில் என்றால் கியூஆர் கோடும் அச்சாகியிருக்கும். பொருளுக்கு மூன்று பிரதி: ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று லாரிக்காரருக்கு, ஒன்று விற்பவருக்கு. வெறும் புரொஃபார்மாவோடு வண்டி கிளம்பி, வழியில் சோதனையில் சிக்கினால் சரக்கு நிறுத்தி வைக்கப்படும். வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் கட்ட நேரலாம்.

பட்டறைக்காரருக்கு நஷ்டம் வருவது இன்னொரு வழியில். பணம் போய்விட்டது, மெஷின் ஓடுகிறது, கோப்பில் இருப்பது புரொஃபார்மா மட்டும். ஆண்டு முடிவில் அதை ஆடிட்டரிடம் நீட்டினால் 86,400 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அந்த வரவுக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் கையில் இருக்க வேண்டும், பொருள் வந்து சேர்ந்திருக்க வேண்டும், விற்பவர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டி வரியும் கட்டியிருக்க வேண்டும். மார்ச் கடைசியில் பில் போட்டு ஏப்ரலில் மெஷின் இறங்கினால், வரவு ஏப்ரலில்தான்.

விற்பவர் பில்லைக் கணக்கில் காட்டினாரா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் வாங்குபவரின் பெயரில் மாதந்தோறும் வரும் GSTR-2B பட்டியலில் அந்த பில் எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் உடனே விற்பவரைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஒரு நிதியாண்டின் பில்லுக்கான வரவை, அடுத்து வரும் நவம்பர் 30-க்குள் அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர கணக்கைத் தாக்கல் செய்வதற்குள், எது முந்தியோ அதற்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தொகை கிடைக்காது.