‘பரீட்சை தள்ளிப்போச்சாமே!’

‘ஆமே’ என்று முடிகிற செய்திகளை நம்பி நான் பஸ் டிக்கெட்கூட கேன்சல் செய்வதில்லை. ‘தங்கம் இறங்குதாமே’, ‘பெட்ரோல் ஏறுதாமே’ என்பதெல்லாம் பொய்யானாலும் பெரிய நஷ்டமில்லை. ‘பரீட்சை தள்ளிப்போச்சாமே’ அப்படியல்ல. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், சில சமயம் நிஜமாகவே தள்ளிப்போய்விடுகிறது! ஒரே பரீட்சைக்கு வந்த ஒரு பொய்ச் செய்தியையும் ஒரு நிஜச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டாக்டர்கள் மேல்படிப்புக்கு எழுதும் ‘நீட் பி.ஜி.’ தேர்வுதான் அது. நடத்துவது தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம்.

முதலில் பொய். 2022-ல் இந்தத் தேர்வு மே 21 அன்று நடப்பதாக இருந்தது. கவுன்சலிங் தாமதமாகிறது, தேர்வைத் தள்ளி வையுங்கள் என்று டாக்டர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மே முதல் வாரத்தில் வாரியத்தின் பெயரில் ஒரு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் பறந்தது. ‘தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது. ஜூலை 9 அன்று நடக்கும்.’ மே 7-ம் தேதி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (சுருக்கமாக பி.ஐ.பி.) ‘இது போலி’ என்று அறிவித்தது. சொன்ன தேதியில், மே 21 அன்றே, தேர்வு நடந்தது.

இப்போது நிஜம். 2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வு. இரண்டு லட்சத்துக்கும் மேல் டாக்டர்கள் எழுத இருந்தார்கள். பலர் வெளியூர் போய் லாட்ஜில் ரூம் போட்டுப் படுத்தாகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி அறிவிப்பு வருகிறது: முன்னெச்சரிக்கையாகத் தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி பிறகு தெரிவிக்கப்படும். அந்தத் தேதி ஜூலை 5-ல் வெளியானது. தேர்வு ஆகஸ்ட் 11-ல் நடந்தது.

பொய்யாக இருக்கவேண்டியது என்று யாரும் சொல்லக்கூடியது எது? ராத்திரி வேளையில், மறுநாள் பரீட்சையை ரத்து செய்து, தேதிகூடச் சொல்லாமல் வந்ததுதானே! ஆனால் அதுதான் நிஜம். இரண்டு வாரம் முன்பே, புதிய தேதியோடு, சமர்த்தாக வந்தது பொய். ஆகவே செய்தியின் முகத்தைப் பார்த்து ஜாதகம் கணிக்காதீர்கள். அது எந்த வாசல் வழியாக வந்தது என்று பாருங்கள்.

வவுச்சர் எங்கே?

நான் பி.காம். எங்கள் பாஷையில் சொல்கிறேன். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். வாட்ஸ்அப்பில் வந்த படம் வவுச்சர் அல்ல. யாரோ சொன்ன கணக்கு.

2024 அறிவிப்புக்கு வவுச்சர் இருந்தது. தேர்வு வாரியத்துக்கு மேலே இருக்கிற மத்திய சுகாதார அமைச்சகமே அதை வெளியிட்டது. 2022 நோட்டீசுக்கு அப்படி எதுவும் இல்லை, ஃபார்வர்டு மட்டும்தான். நிஜமான ஒத்திவைப்பு ஒரே இடத்தில் ஒளிந்திருக்காது. நடத்துகிற வாரியத்தின் வலைத்தளம், அதற்கு மேலே உள்ள அமைச்சகம், பி.ஐ.பி. ஆகிய மூன்றில் இரண்டிலாவது சீக்கிரமே தலைகாட்டிவிடும்.

என் அக்கா மகள் ஒரு டாக்டர். அவளிடம் கேட்டேன்.

“ஏம்மா, நோட்டீஸ்ல சதுரமா ஒரு க்யூ.ஆர். கட்டம் இருக்கே, அதைப் பார்த்தா போதாதா?”

“இருந்தா மட்டும் போதாது மாமா. அதை ஸ்கேன் பண்ணினா எங்க போய் நிக்குதுன்னு பார்க்கணும். கட்டம் யார் வேணா போடலாமே!”

சரியான பேச்சு. 2020 ஜூலையிலிருந்து இந்த வாரியம் தன் நோட்டீஸ்களில் க்யூ.ஆர். கட்டம் அச்சிடுகிறது. ஸ்கேன் செய்தால் அதே நோட்டீஸ் வாரியத்தின் தளத்தில் திறக்கவேண்டும். அதைவிட நல்ல வழி, கட்டத்தையும் தொடாமல், லிங்க்கையும் தொடாமல், natboard.edu.in என்று நீங்களே டைப் செய்து உள்ளே போவது. அங்கே அதே தேதியிட்ட நோட்டீஸ் இருக்கிறதா? வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகிறதா? தேதியை மாற்றி ஒட்டிய பழைய நோட்டீஸ்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

முகவரியின் வாலைக் கவனியுங்கள். .gov.in அரசு அலுவலகங்களுக்கும், .edu.in கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே தரப்படுவது. வெறும் .in, .com எல்லாம் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். natboard-edu.com என்று ஒன்று வந்தால், அந்த நடுக்கோடு ஒன்றே போதும், ஓடிவிடுங்கள்!

எஸ்.எம்.எஸ். வந்தால் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து எந்த வாரியமும் பரீட்சையை மாற்றாது. 2025-ல் கொண்டுவந்த முறைப்படி, அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும்: அரசுச் செய்திக்கு G, சேவைச் செய்திக்கு S, விளம்பரத்துக்கு P. பரீட்சை மாற்றம் P-யோடு வந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடலாம்.

ஹால் மாறினால்?

தேதி மாறுவதை ஊரே பேசும். ஹால் மாறுவதை யாரும் பேச மாட்டார்கள். 2022 ஜூலை 15-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான ‘க்யூட்’ நுழைவுத்தேர்வு முதல் முறையாக நடந்தது. டெல்லியில் சில மாணவர்களுக்குக் கடைசி நேரத்தில் மையம் மாறிவிட்டது. பழைய ஹால் டிக்கெட்டோடு பழைய இடத்துக்கே போய் நின்றார்கள். பிறகு இன்னொரு வாய்ப்பு தரப்பட்டது. எல்லாப் பரீட்சையிலும் அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது.

இடமாற்றத்துக்கு வவுச்சர் புதிய ஹால் டிக்கெட்தான். முந்தின நாள் சாயங்காலமும் ராத்திரி படுக்கும் முன்பும் உங்கள் பதிவு எண்ணைப் போட்டு அதை மறுபடி டவுன்லோட் செய்து, கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பார்க்கவேண்டியவை மூன்றே: மையத்தின் முகவரி, உள்ளே வரச்சொன்ன நேரம், கேட் மூடும் நேரம்.

நம்மூர் மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. கலெக்டர் லீவு விட்டால் வகுப்புக்கு லீவு. பல்கலைக்கழகப் பரீட்சைக்கும் லீவு என்று நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அறிவிப்பைப் பல்கலைக்கழகத் தளத்தில் பாருங்கள்.

தளமே திறக்கவில்லையே?

திறக்காது! லட்சம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போது அமைச்சகத்தின் பக்கத்தையும் பி.ஐ.பி. பக்கத்தையும் பாருங்கள். மத்திய அரசு சம்பந்தப்பட்ட செய்தியானால், பி.ஐ.பி.யின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு 8799711259 என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பிக் கேட்கலாம். பதில் உடனே வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

எதுவும் உறுதியாகவில்லையா? கடைசி வரவு-செலவு இதுதான். நிஜமான ஒத்திவைப்பை நம்பாமல் கிளம்பிப் போனால் நஷ்டம் ரயில் சார்ஜும் ஒரு ராத்திரித் தூக்கமும். பொய்யான ஒத்திவைப்பை நம்பி வீட்டிலிருந்தால் நஷ்டம் ஒரு வருஷம். எனவே வவுச்சர் கைக்கு வரும்வரை ஹால் டிக்கெட்டில் இருப்பதே சட்டம். பெட்டியைக் கட்டுங்கள். ரயிலில் உட்கார்ந்துகொண்டும் வலைத்தளம் பார்க்கலாம்!