இரண்டு பக்கமும் சமம், லாபம் மட்டும் தப்பு

ஆடிட்டர் ஆபீசில் ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. அந்த வருடம் அதைக் கேட்டவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அச்செடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, நாலு லட்சத்துக்குப் பக்கமா நிக்கும்னு நினைச்சேன். இதுல ஒண்ணே எண்பத்தி நாலுதான் காட்டுது. எங்கேயோ தப்பு” என்றார். நான் தாளைப் பார்த்தேன். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் 20,24,000 என்று ஒரு ரூபாய் பிசகாமல் நின்றது. “டேலி ஆயிருக்கே அண்ணே” என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அவர் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வருடம் முழுக்க எழுதிய பேரேட்டில், மார்ச் 31 அன்று ஒவ்வொரு கணக்கிலும் நிற்கும் மீதியை வரிசையாக எழுதினால் அதுதான் ட்ரையல் பேலன்ஸ். பள்ளிப் பாடத்தில் இருப்பாய்வு. பற்று மீதிகள் ஒரு பத்தியில், வரவு மீதிகள் ஒரு பத்தியில். எந்தப் பதிவும் ஒரு பக்கம் பற்று, இன்னொரு பக்கம் வரவு என்றுதான் விழும் என்பதால் கடைசியில் இரண்டு கூட்டலும் சமமாக வர வேண்டும். இவருக்கு இரண்டும் 86,00,000.

அந்தப் பட்டியலில் விற்பனையும், கடைப் பலகை அலமாரியும், வீட்டுக்கு எடுத்த பணமும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. இதில் எது இந்த வருடத்தோடு முடிந்துபோகிறது, எது அடுத்த வருடத்துக்கும் கூடவே வருகிறது என்று பிரித்தால் லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் கிடைத்துவிடும். கொடுத்த வாடகை முடிந்துபோனது. வாங்கிய அலமாரி நிற்கிறது. முன்பு இந்தப் பிரிவினையை ஆடிட்டர் ஆபீசில் ஒருவர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, வரி வரியாகச் செய்வார். இப்போது டேலியில் ஒரு பட்டனைத் தட்டினால் இரண்டும் வந்து நிற்கின்றன.

எப்படி வருகின்றன? டேலி பிறக்கும்போதே 28 குழுக்களோடு வருகிறது. அதில் 15 முதன்மைக் குழு, மீதி 13 அவற்றுக்குள் அடங்கும் கிளைக் குழு. 15-ல் ஆறு லாப நட்டக் கணக்குக்குப் போகும்: விற்பனை, கொள்முதல், நேரடி வருமானம், நேரடிச் செலவு, மறைமுக வருமானம், மறைமுகச் செலவு. மற்ற ஒன்பதும் பேலன்ஸ் ஷீட்டுக்கு. புதிதாக ஒரு கணக்கு திறக்கும்போது பெயருக்குக் கீழே `Under` என்று ஒரு கட்டம் கேட்கும். அங்கே எந்தக் குழுவைத் தருகிறோமோ, அந்தக் கணக்கின் விதி அதோடு முடிவாகிவிடுகிறது. ‘தானாகவே பிரித்துக் கொடுக்கும்’ என்கிறார்களே, அது பிரிப்பதில்லை. என்றோ ஒருவர் அந்தக் கட்டத்தில் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சரியாகப் பிரித்தால் நம் கடைக்காரருக்கு என்ன வரும்? விற்பனை 64,00,000. வருட ஆரம்பத்தில் இருந்த சரக்கு 8,40,000, கொள்முதல் 52,00,000, சரக்கு கொண்டுவந்த லாரி வாடகை 90,000. வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்த சரக்கு 9,60,000. விற்பனையோடு கடைசிச் சரக்கைக் கூட்டி, மற்ற மூன்றையும் கழித்தால் மொத்த லாபம் 12,30,000. அதிலிருந்து சம்பளம் 4,80,000, வாடகை 2,40,000, கரண்ட் 36,000, வங்கி வட்டி 60,000, அலமாரித் தேய்மானம் 30,000 போக, நிகர லாபம் 3,84,000. அவர் மனக்கணக்கு கிட்டத்தட்ட சரி.

இந்த 3,84,000 பேலன்ஸ் ஷீட்டில் முதலாளியின் மூலதனத்தோடு போய்ச் சேர்கிறது. பழைய மூலதனம் 9,50,000. லாபத்தைக் கூட்டி, வீட்டுக்கு எடுத்த 3,60,000-ஐக் கழித்தால் 9,74,000. சரக்கு தந்தவர்களுக்கு 7,20,000, வங்கி ஓடி 5,00,000, கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 30,000 சேர்த்தால் பொறுப்புப் பக்கம் 22,24,000. சொத்துப் பக்கத்தில் அலமாரி 2,70,000, சரக்கு 9,60,000, வர வேண்டிய பாக்கி 6,10,000, கையிலும் வங்கியிலும் 1,84,000, கட்டட உரிமையாளரிடம் கொடுத்த கடை அட்வான்ஸ் 2,00,000. அதுவும் 22,24,000.

ஆனால் அவர் கையில் இருந்த தாள் 20,24,000 என்றது. இடைவெளி சரியாக இரண்டு லட்சம்; அட்வான்ஸ் தொகையும் இரண்டு லட்சம். கடையில் கணக்கு எழுதும் பையன் பேமென்ட் என்ட்ரி போடும்போது ‘கடை அட்வான்ஸ்’ என்று கணக்கு இல்லை என்று பார்த்து, அங்கேயே `Alt+C` தட்டிப் புதிதாகத் திறந்திருக்கிறான். வாங்கியவர் கடை வாடகை வாங்கும் அதே ஆள். வாடகை எங்கே இருக்கிறதோ அங்கேயே இதையும் வைத்துவிட்டான்: `Indirect Expenses`. செலவு இரண்டு லட்சம் கூடி, லாபம் 1,84,000 ஆனது. அதனால் மூலதனம் இரண்டு லட்சம் குறைந்தது. சொத்துப் பட்டியலிலும் அட்வான்ஸ் இல்லாததால் அங்கேயும் இரண்டு லட்சம் குறைந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியதால் தாள் சமமாகவே நின்றது.

குழு தவறினால் டேலி உடையாது. கடைசிச் சரக்கை ஏற்றவே மறந்தால்கூட உடையாது: இதே கணக்கில் 9,60,000-ஐ விட்டுவிட்டால் 5,76,000 நட்டம் காட்டிக்கொண்டு, பேலன்ஸ் ஷீட் 12,64,000-ல் அமைதியாகச் சமமாகும்.

அட்வான்ஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கல் பின்னால் காத்திருக்கும். செலவுக் கணக்குகள் மார்ச்சோடு முடிந்து, ஏப்ரலில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். செலவாகப் போன அட்வான்ஸ் அடுத்த வருடப் புத்தகத்தில் இருக்கவே இருக்காது. பத்து வருடம் கழித்துக் கடையைக் காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்பி வந்தால், எங்கிருந்து வந்தது என்று சொல்லப் புத்தகத்தில் ஒரு வரியும் இருக்காது; வருமானமாகத்தான் எழுதுவார்கள்.

பல ஆபீஸ்களில் ட்ரையல் பேலன்ஸை எக்செலில் எடுத்து, அங்கே பிரிப்பதும் உண்டு. பெயர் ஒரு பத்தியில், குழு அடுத்ததில், தொகை மூன்றாவதில். பற்றுக்குக் கூட்டல் குறி, வரவுக்குக் கழித்தல் குறி. பிறகு குழுவுக்கு ஒரு வரி:

```
=SUMIFS(C:C,B:B,"Duties & Taxes")
```

எல்லாத் தொகையையும் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். எல்லாக் குழுக்களின் மொத்தத்தைக் கூட்டினாலும் பூஜ்ஜியம் வர வேண்டும். முதலாவது வந்து, இரண்டாவது வராவிட்டால் ஏதோ ஒரு கணக்கு எந்தக் குழுவிலும் மாட்டாமல் நழுவியிருக்கிறது. ஜிஎஸ்டி வரியில் குழுப் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலே போதும், எக்செல் அதை வேறு பெயராக எடுத்துக்கொள்ளும். 30,000 உதைக்கும். எனக்கு இந்த வகைத் தவறு பிடிக்கும். உதைக்கிற தொகையைப் பட்டியலில் தேடினால் குற்றவாளி சிக்கிவிடும். தவறான குழுவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு லட்சம் அப்படிச் சிக்காது. அதைப் பிடிக்க, செலவுகளைப் போன வருடத் தொகைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போன வருடம் இல்லாத பெயர், முழு எண்ணாக ஒரே ஒரு பதிவு, பெயரில் அட்வான்ஸ், டெபாசிட், கடன் என்று ஏதாவது ஒன்று: இவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

குழுவைச் சரியாகக் கொடுத்தும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குழு என்பது கணக்கின் பெயரோடு ஒட்டியது. மீதியோ நாளுக்கு நாள் பக்கம் மாறும். இவருடைய வர வேண்டிய பாக்கி 6,10,000 என்றேன். உள்ளே திறந்தால் வாடிக்கையாளர்கள் தர வேண்டியது 6,70,000. வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர் கம்பிக்கு முன்பணமாகக் கொடுத்த 60,000 அதே குழுவில் வரவு மீதியாக நின்று, அதைக் கழித்துவிட்டது. மேஸ்திரிக்கு இவர் சரக்கு தர வேண்டும், அது பொறுப்பு. சரியாகக் காட்டினால் இரண்டு பக்கமும் 60,000 கூடி 22,84,000 ஆகும். லாபம் மாறாது. ஆனால் பாக்கி எவ்வளவு என்று வங்கி கேட்டால் விடை மாறும். நடப்புக் கணக்கில் இருப்பைத் தாண்டிச் செக் கொடுத்தாலும் இதே கதைதான். சொத்துக் குழுவில் இருக்கும் வங்கிக் கணக்கு கழித்தல் குறியோடு சொத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும், அது கடனாகிவிட்டது என்று குழுவுக்குத் தெரியாது.

அன்று கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்தே ‘கடை அட்வான்ஸ்’ கணக்கைத் திறந்து, `Under` கட்டத்தில் `Deposits (Asset)` என்று மாற்றினேன். இந்த வருடம் திறந்த கணக்கு என்பதால் தயங்காமல் செய்தேன். பழைய கணக்கு என்றால் யோசித்திருப்பேன். குழுவை மாற்றினால் கையெழுத்தாகிப் போன வருடங்களின் அறிக்கையும் திரையில் சேர்ந்து மாறிவிடும், கோப்பில் இருக்கும் தாளோடு ஒத்துப்போகாது.

திரையில் 1,84,000 போய் 3,84,000 வந்தது. அவர் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப கரண்ட் ஆபீசுல கூடுதல் டெபாசிட்னு ஒண்ணு கட்டச் சொன்னாங்களே, அது?” என்றார். டெபாசிட் குழுவில் தேடினேன், இல்லை. கரண்ட் செலவுக் கணக்கைத் திறந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்றால் வருடத்துக்கு ஆறு வரி இருக்க வேண்டும். ஏழு இருந்தது. குழுவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, மாற்றினால் ஆறு பில்லும் சேர்ந்து சொத்தாகிவிடும். புதிதாக ஒரு கணக்கைத் திறந்து, அந்த ஏழாவது வரியின் 6,000-ஐ மட்டும் அங்கே தூக்கி வைத்தேன். 3,90,000.